‘வெறும் ஃபிரெண்டுதான்!’ - ஆபீஸ் நட்பு எல்லை தாண்டிய பிறகு ஒரு வீடு மறுபடியும் பேசத் தொடங்கியது எப்படி?

‘‘விரல்கூடப் பட்டதில்லை. வெறும் பேச்சுதான். இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’’

கையும் போனுமாகப் பிடிபட்டவர்கள் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்பவருக்கு அது உண்மையாகவே பெரிய ஆறுதலாக இருக்கிறது. கேட்பவருக்கோ அதில் ஆறுதல் எதுவும் இல்லை. ‘பேச்சுதான் என்றால் அதை ஏன் ஒளித்தாய்?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

திருப்பூரில் ஒரு தம்பதிக்கு நடந்தது இது. அடையாளம் தெரியக் கூடாது என்பதால் பெயர்கள் இல்லை. மனைவி, தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’ என்பதால் இங்கேயும் டீச்சர் என்றே இருக்கட்டும். கணவர், பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகி 11 வருடம். மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகன்.

மெர்ச்சண்டைசர் வேலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதில் போன் எவ்வளவு ஓயாமல் அடிக்கும் என்பதும் தெரியும். வெளிநாட்டு பையர் அனுப்பிய டிசைன் சாம்பிள் ஆவதிலிருந்து சாயப்பட்டறை, பிரின்டிங், பேக்கிங், தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் கிளம்புவது வரை ஒரே ஆள் விரட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு 12 மணிக்கும் மெசேஜ் வரும். அதனால் கணவர் மொட்டை மாடிக்குப் போய் போன் பேசுவதையோ, சாப்பிடும்போது மெசேஜ் தட்டுவதையோ டீச்சர் ஒருநாளும் சந்தேகமாகப் பார்த்ததில்லை.

மகனின் ப்ராஜெக்ட்டுக்காக வாகனப் படங்கள் பிரின்ட் எடுக்க கணவரின் லேப்டாப்பைத் திறந்தபோது வாட்ஸ்அப் வெப் திறந்தே இருந்தது. மேலே பின் செய்யப்பட்டிருந்த பெயர், ‘காம்பாக்டிங் யூனிட் 2’. துணியைச் சுருங்காமல் அழுத்தித் தரும் பட்டறை அது. அந்தப் பட்டறையிலிருந்து, ‘மாத்திரை போட்டாச்சா? தூங்குங்க’ என்று இரவு 11.40-க்கு மெசேஜ் வந்திருந்தது.

ஏழு மாதப் பேச்சு. அதில் காதல் வசனமோ ஆபாசமோ ஒரு வரி இல்லை. சாப்பிட்டது, தூங்காதது, மேனேஜர் திட்டியது, அப்பாவின் சர்க்கரை அளவு எல்லாம் இருந்தது. நடுவில் டீச்சரைப் பற்றியும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு நான்காவது மாதத்தில் கரு கலைந்தது. தன் அம்மாவிடம்கூட அதை அவர் சொல்லவில்லை. மாமியாரிடம் ‘காய்ச்சல்’ என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த விஷயம், தேதியோடு, கணவரின் ஆபீஸில் பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

‘‘வேற என்ன இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேனோ என்னவோ. இது என்னோடது. இதை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்ல’’ என்கிறார் டீச்சர்.

அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ், ‘வெறும் நண்பர்கள்தான்’ என்ற இந்தச் சாக்கையே தலைப்பில் வைத்து 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்லும் உவமை எளிமையானது. கணவன் மனைவிக்கு நடுவில் ஜன்னல் இருக்க வேண்டும். அவர்களுக்கும் வெளியாட்களுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும். வேலை இடத்து நட்பு எல்லை தாண்டும்போது இந்த இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. வெளியாளுக்கு ஜன்னல் திறக்கிறது, வீட்டில் இருப்பவருக்குச் சுவர் எழுகிறது. உடம்பு சம்பந்தப்படாவிட்டாலும் மனைவிக்கு ‘நான் வெளியே நிறுத்தப்பட்டேன்’ என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

தவணை முறையில் வந்த உண்மை

பிடிபட்ட அன்று கணவர் சொன்னது: ‘‘வெறும் ஃபிரெண்டு. வேலை டென்ஷன்ல பேசினோம்.’’

நான்காம் நாள், ‘‘ரெண்டு மூணு தடவை வெளியில டீ குடிச்சிருக்கோம்.’’

பதினோராம் நாள், பிறந்தநாளுக்கு அந்தப் பெண் சட்டை வாங்கிக் கொடுத்தது தெரிந்தது. ‘கம்பெனியில் கொடுத்தாங்க’ என்று சொல்லி அவர் போட்டுக்கொண்டிருந்த சட்டை. டீச்சர்தான் அதை வாரா வாரம் அயர்ன் செய்துகொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நாள், அந்தப் பெண்ணின் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 6,000 ரூபாய் அனுப்பியது தெரிந்தது. அதைக் கணவர் சொல்லவில்லை. ஜிபே ஹிஸ்டரியில் டீச்சரே கண்டுபிடித்தார்.

கணவர் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரேயடியாகச் சொன்னால் வீடு இடிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் வலி குறையும் என்று நினைத்தார். நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு தவணையிலும், ‘இன்னும் என்னென்ன இருக்கோ?’ என்ற பயம் புதிதாகத் தொடங்கியது. 6,000 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால், ‘இதோட அவ்ளோதான், வேற எதுவும் இல்ல, பையன் மேல சத்தியம்’ என்று எட்டு நாள்களுக்கு முன்தான் அவர் சொல்லியிருந்தார். மெசேஜ்களைவிட அந்தப் பொய்ச் சத்தியம் ஆறுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

இடையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமியார், ‘‘ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான். நீதான் பாத்து நடந்துக்கோணும் சாமி’’ என்றார். டீச்சரின் அண்ணன், ஆபீஸுக்கே போய் அந்தப் பெண்ணை நாலு பேர் முன்னால் கேட்கிறேன் என்று கிளம்பினார். போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் பேச்சு வந்தது. திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்துவிட்டது. அந்தப் பிரிவு இருந்த காலத்திலும் வெறும் பேச்சு அதில் அடங்கியதில்லை.

அண்ணனைத் தடுத்தது டீச்சரேதான். ‘‘அந்தப் புள்ளையைத் திட்டிட்டு வந்தா உங்களுக்கு ஆத்திரம் அடங்கும்ணா. எனக்குத் தாலி கட்டினது அவ இல்லியே’’ என்றார். கோபம் முழுவதும் மூன்றாம் நபர் பக்கம் திரும்பினால், பதில் சொல்ல வேண்டியவர் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார். இந்தத் தெளிவு, தூங்காமல் இருந்த ஒருவருக்கு அந்த மூன்றாவது வாரத்திலேயே வந்தது ஆச்சர்யம்தான். (இதுவே மனைவி பிடிபட்டு, கணவர் கேள்வி கேட்கும் வீடாக இருந்திருந்தால், இரண்டாவது பேச்சுக்கே சொந்தபந்தங்கள் வாய்ப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

61 கேள்விகள்

ஐந்தாவது வாரம் இருவரும் கோவையில் ஒரு பெண் உளவியல் ஆலோசகரைப் பார்த்தார்கள். டீச்சர் அப்போது கேள்விகளாகவே இருந்தார். காலையில் இட்லி ஊற்றும்போது ஒரு கேள்வி, பைக்கில் போகும்போது ஒரு கேள்வி, நள்ளிரவு எழுப்பி ஒரு கேள்வி. கணவர் பதில் சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை.

ஆலோசகர் ஒரு நோட்டு போடச் சொன்னார். கேள்வி தோன்றும்போதெல்லாம் கேட்காமல் அதில் எழுத வேண்டும். அடுத்த சந்திப்புக்குள் 61 கேள்விகள் சேர்ந்தன. மூவரும் உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள்.

34 கேள்விகள் நடந்ததைப் பற்றியவை. எப்போது ஆரம்பித்தது, எங்கே சந்தித்தீர்கள், என்ன வாங்கிக் கொடுத்தீர்கள், யாருக்கெல்லாம் தெரியும், என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்? இவை அத்தனைக்கும் பதில் வர வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது.

9 கேள்விகள் ஒப்பிடுபவை. ‘அவ என்னைவிட அழகா? என்கூடப் பேசுறதைவிட அவகூடப் பேசுறது பிடிச்சிருந்ததா?’ இந்த வகைக் கேள்விகளுக்கு எந்தப் பதில் வந்தாலும் அது மனதில் படமாகத் தங்கிவிடும், பிறகு அழிப்பது கஷ்டம். எனவே இரண்டு மாதம் தள்ளிவைத்து, அப்போதும் வேண்டும் என்றால் கேட்கலாம் என்றார் ஆலோசகர்.

மீதி 18, ‘ஏன்?’ என்பவை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று ஒதுக்கிவைத்தார். நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும்போது ‘ஏன்’ என்று கேட்டால், சொல்பவரின் பதில் சாக்காக வரும், கேட்பவரின் காதில் குற்றச்சாட்டாக விழும். டொனால்டு பாக்கம், டக்ளஸ் ஸ்னைடர், கிறிஸ்டினா கார்டன் ஆகிய மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் இதற்காகவே உருவாக்கிய சிகிச்சை முறையிலும் இதே வரிசைதான். முதலில் அதிர்ச்சியைக் கையாள்வது, அடுத்து காரணத்தைப் புரிந்துகொள்வது, அதன் பிறகுதான் சேர்ந்து போவதா, பிரிவதா என்ற முடிவு. நம் வீடுகளில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தால் கடைசிக் கட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். ‘சரி விடு, சேந்து இருங்க.’

34 கேள்விகளுக்கும் கணவர் ஒரே தடவையில், எழுத்தில் பதில் கொண்டு வந்தார். இரண்டரைப் பக்கம். வீட்டில் வைத்து அல்ல, ஆலோசகரின் அறையில் உட்கார்ந்து அதை வாசித்தார். வாசிப்பதற்கு முன் ஆலோசகர் சொன்னது ஒன்றுதான்: ‘‘இதுக்கு அப்புறம் புதுசா ஒண்ணு வெளிய வந்தா, அது எவ்வளவு சின்னதா இருந்தாலும் பழசு எல்லாத்தையும்விடப் பெருசா ஆயிடும். சேர்க்க வேண்டியது இருந்தா இப்பவே சேர்த்துக்கோங்க.’’

கணவர் பேனா கேட்டு வாங்கி ஒரு வரி சேர்த்தார். பயந்து போய் ஏப்ரல் மாதம் ஒருமுறை சாட் முழுவதையும் அழித்திருக்கிறார். டீச்சர் பார்த்த ஏழு மாதத்துக்கு முன்பும் இரண்டு மாதம் இருந்தது.

டீச்சருக்கு அது இடிதான். ஆனாலும், ‘‘நானா கண்டுபிடிக்காம அவரா சொன்ன முதல் விஷயம் அது’’ என்று அந்த ஒரு வரியைத்தான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் பேசுவதற்கு நேரம் குறிக்கப்பட்டது. செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு 9 மணி, மகன் தூங்கிய பிறகு, மொட்டை மாடியில், அரை மணி நேரம். தாங்க முடியாமல் போனால் இருவரில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்துபவரே மறுபடி எப்போது பேசலாம் என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டு எழுந்துபோக வேண்டும். ‘இப்ப வேணாம்’ என்று மட்டும் சொல்லிப் போகக் கூடாது. கணவர் தப்பிக்கவும் முடியவில்லை, நாள் முழுக்க விசாரணையில் நிற்கவும் வேண்டியதில்லை. இட்லி ஊற்றும் நேரத்தில் இட்லி மட்டும் ஊற்ற முடிந்தது.

‘கொஞ்ச நாள் பேச வேண்டாம்’

இந்த மாதிரி விஷயங்களில் எல்லோரும் சொல்லும் யோசனை, ‘அந்த ஆளோடு தொடர்பை அடியோடு நிறுத்து’ என்பது. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு எப்படி நிறுத்துவது? வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை விட முடியாது. வேறு பையர் டீமுக்கு மாற்றிக் கேட்டார் கணவர். கையில் இருக்கும் ஆர்டர் ஷிப்மென்ட் ஆன பிறகு பார்க்கலாம் என்றார் மேனேஜர். அதற்கு இரண்டரை மாதம் இருந்தது.

அதுவரை அந்தப் பெண்ணுக்கு ஒரு மெசேஜ் போக வேண்டும் என்று முடிவானது. கணவர் எழுதிய முதல் வடிவம் இது: ‘வீட்ல பிரச்னை ஆயிடுச்சு. கொஞ்ச நாள் பேச வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க.’

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ‘கொஞ்ச நாள்’ என்பதில் கதவு பாதி திறந்திருக்கிறது. ‘வீட்ல பிரச்னை’ என்பதில் மனைவி வில்லி ஆகிறார், இவர்கள் இருவரும் ஒரே கட்சி ஆகிறார்கள். டீச்சர் எழுதிய வடிவம் ஒன்றரைப் பக்கம். அதை அனுப்பியிருந்தால் இன்னொரு பேச்சு தொடங்கியிருக்கும், முடிந்திருக்காது.

கடைசியில் போனது இது:

‘நம்ம பேச்சு வேலையைத் தாண்டிப் போயிடுச்சு. அதை என் மனைவிகிட்ட மறைச்சது என் தப்பு. இனி வேலை சம்பந்தமா மட்டும்தான் பேசுவேன், அதுவும் குரூப்லயும் மெயில்லயும் மட்டும். தனியா மெசேஜ், கால் வேண்டாம். இதுக்குப் பதில் தேவையில்லை.’

அனுப்பியதும் தனிச் சாட் அழிக்கப்படாமல் ஆர்க்கைவில் வைக்கப்பட்டது. அழித்தால் மறுபடியும் ‘என்ன இருந்ததோ’ என்ற கேள்வி வரும் என்பதால் டீச்சரே அப்படிக் கேட்டார்.

பத்து நிமிட நிம்மதி

போன் பாஸ்வேர்டு, லொகேஷன் ஷேரிங் இரண்டையும் கணவரே முன்வந்து கொடுத்தார். முதல் மாதத்தில் டீச்சர் ஒருநாளைக்கு இருபது முறைக்கும் மேல் பார்த்தார். ஸ்டாஃப் ரூமில், இரண்டு பீரியட்களுக்கு நடுவில், பேப்பர் திருத்தும்போது.

ஒருநாள் மாலை லொகேஷன் புள்ளி, சாயப்பட்டறை இருந்த சந்தைவிட்டு அடுத்த தெருவில் நின்றது. ஏழு முறை கால் செய்தார். பட்டறைச் சத்தத்தில் கணவருக்குக் கேட்கவில்லை. கேட்ட பிறகு, ‘இருக்கிற இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்றார் டீச்சர். சாயத் தொட்டி ஓரத்தில் நின்று செல்ஃபி எடுத்து அனுப்பினார், பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். லொகேஷன் புள்ளி கட்டடங்களுக்குள் நூறு இருநூறு மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். அது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

‘‘போட்டோ வந்ததும் எவ்வளவு நேரம் நிம்மதியா இருந்தீங்க?’’ என்று கேட்டார் ஆலோசகர்.

‘‘ஒரு பத்து நிமிஷம்.’’

‘‘அப்புறம்?’’

‘‘இது பழைய போட்டோவா இருக்குமோன்னு...’’

சோதனை செய்வது ஆரம்பத்தில் தேவைதான். விழுந்தவருக்கு ஊன்றுகோல் மாதிரி. ஆனால், காலியாக இருக்கும் போன் எதையும் நிரூபிப்பதில்லை. தானாக அழியும் மெசேஜ், இரண்டாவது சிம் என்று ஒளிப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது என்பது தேடுபவருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் கிடைக்காதபோது பயம் குறைவதில்லை, தேடல்தான் ஆழமாகிறது. சோதனை அடங்குகிறதா, வளர்கிறதா என்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னார் ஆலோசகர். வளர்ந்துகொண்டிருந்தது. எனவே முறையை மாற்றினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போன் மேஜையில் இருக்கும், அப்போது எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், மற்ற நேரத்தில் இல்லை. இதற்கு ஆறு மாதம் கெடு. அப்புறம் தொடர்வதா என்று பேசி முடிவெடுப்பது.

போனைவிட முக்கியமானது வேறொரு ஏற்பாடு. அந்தப் பெண்ணோடு வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேச நேர்ந்தாலும், டீச்சர் கேட்பதற்கு முன், அன்றைக்கே கணவர் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம் அது உடைந்தது. அவிநாசியில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாண ரிசப்ஷன். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்த அந்தப் பெண், ‘அப்பா எப்படி இருக்காங்க?’ என்று கேட்டிருக்கிறார். ஐந்து நிமிடப் பேச்சு. கணவர் வீட்டில் சொல்லவில்லை. நாலாம் நாள், பள்ளி கேட்டில் மகனின் வகுப்புத் தோழனுடைய அம்மா, ‘ரிசப்ஷன்ல உங்க வீட்டுக்காரரைப் பார்த்தோம் டீச்சர், ஆபீஸ்காரங்ககூட நல்லா பேசிட்டிருந்தாரு’ என்று எதார்த்தமாகச் சொன்னார்.

அன்றிரவு டீச்சர் மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு நாள் வரவில்லை.

‘‘ஐந்து நிமிஷப் பேச்சு. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லலை’’ என்பது கணவரின் விளக்கம். ஆலோசகர் அவரிடம், ‘‘ஒன்பது மாசம் மறைச்சதுக்கும் இதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தீங்க, மூணாவது கேள்விக்குப் பதில்ல’’ என்றார். கணவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அதே வார்த்தைதான்.

அடுத்து ஆலோசகர் டீச்சரிடம் ஒன்று கேட்டார். கணவர் தானாக வந்து சொல்லும் அந்த நிமிடத்தில், சொன்னதற்காக அவரைத் தண்டிக்காமல் இருக்க முடியுமா? கோபம் வந்தால் எழுந்துபோகலாம், இரவு 9 மணிக்குப் பேசலாம். ஆனால், ஒவ்வொரு முறை உண்மை சொன்னதும் இரண்டு மணி நேரப் புயல் வீசினால், எந்த மனிதரும் மூன்றாவது முறை சொல்லாமல் விட்டுவிடுவார்.

டீச்சருக்கு அது சுருக்கென்று பட்டது. ‘‘தப்புப் பண்ணது அவரு, அடக்கிக்க வேண்டியது நானா?’’ நியாயமான கேள்வி. இந்த ஏற்பாடு நியாயமானது இல்லை. காயம் பட்டவர்தான் காயத்தோடு கூடுதலாக ஒரு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் செய்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருடையதுதான். டீச்சர் இரண்டு வாரம் கழித்துச் சம்மதித்தார்.

அடுத்த முறை கணவர் ஷூவைக் கழற்றும்போதே, ‘‘கண்ணு, இன்னிக்கு லிஃப்ட்ல ரெண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். ‘டீம் மாறப் போறீங்களாமே’ன்னு கேட்டுச்சு. ‘ஆமா’ன்னேன். மூணாவது மாடியில இறங்கிட்டேன்’’ என்றார்.

டீச்சர், ‘‘ம்’’ என்றார். மாவு ஆட்டப் போய்விட்டார். கை நடுங்கியது என்கிறார். ஆனால், அந்த வாரம் முழுக்க அவர் லொகேஷனைத் திறந்தது இரண்டே முறை.

அன்றைக்கு அழாதது

ஐந்தாவது மாதம்தான் ‘ஏன்’ கேள்விகளுக்கு வந்தார்கள். டீச்சர் முதலில் கேட்டது, ‘‘நான் என்ன குறை வெச்சேன் மாமா?’’

இந்த இடத்தில் வழுக்கி விழுபவர்கள் அதிகம். கணவர் குறைகளை அடுக்கினால், ‘அப்போ என்னாலதான் நடந்துச்சா?’ என்று ஆகும். ‘ஒரு குறையும் இல்ல’ என்றால், எதுவும் புரியாமலே போகும். ஆலோசகர் இரண்டாகப் பிரித்தார். வீட்டில் பேச்சு வற்றிப்போனதில் இருவருக்கும் பங்கு உண்டு. அதற்கு வெளியே போய் ஒளித்துப் பேசியது ஒருவருடைய முடிவு, அதில் இன்னொருவருக்குப் பங்கே இல்லை.

வற்றிப்போனது எப்போது என்று தேடிப் போனால், அந்தக் கலைந்த கருவுக்கு வந்து நின்றது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். கணவர் ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே வேலைக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ‘இவருக்கு இது ஒண்ணுமே இல்ல போல’ என்று டீச்சர் நினைத்துக்கொண்டார், கேட்கவில்லை.

‘‘நான் அழுதா நீ உடைஞ்சு போயிருவேன்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே உன் முகம் மாறிடும். எங்கயும் சொல்ல முடியல’’ என்றார் கணவர். ஆபீஸில் ஒருநாள் அந்தப் பெண் தன் அக்காவுக்கும் இப்படி ஆனது என்று சொல்ல, இவர் வாய் திறந்திருக்கிறார். தொடக்கம் அதுதான்.

இதைக் கேட்டதும் டீச்சர் மன்னித்துவிடவில்லை. காரணம் புரிவதும் மன்னிப்பதும் வேறு வேறு. ‘‘எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவகிட்ட சொல்லிட்டீங்க’’ என்றார். ஆனால், இரண்டு வருடங்களில் முதல்முறையாக அந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசினார்கள். பெண்ணாக இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருக்கலாம் என்பது வரை. அரை மணி நேரக் கணக்கு அன்றைக்குப் பார்க்கப்படவில்லை.

இந்த முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ரகசியத் தொடர்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எத்தனை நோட்டு போட்டாலும் பயனில்லை. கேள்வி கேட்டால் கை ஓங்குபவரோடு மொட்டை மாடிப் பேச்சுக்கு இடமே இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. தொடர்ந்து தூக்கமே வராமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், தம்பதி ஆலோசனைக்குக் காத்திருக்காமல் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. கணவர் வேறு டீமில், வேறு மாடியில் இருக்கிறார். அந்தச் சட்டை பனியன் வேஸ்ட்டோடு போய்விட்டது. லொகேஷன் ஷேரிங்கை டீச்சரே ஒருநாள் நிறுத்தினார். போன் எப்போதாவதுதான் மேஜைக்கு வருகிறது. ஆனால், ‘ஷிப்மென்ட்’ என்ற வார்த்தை கேட்டால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது என்கிறார். செவ்வாயும் வியாழனும் நின்றுபோய், ஞாயிறு மட்டும் இருக்கிறது. பாதி நாள் அதில் பேசப்படுவது பள்ளிக் கட்டணமும் மாமனாரின் சர்க்கரையும்தான்.

தள்ளிவைத்த அந்த 9 ஒப்பீட்டுக் கேள்விகளில் ஏழை டீச்சர் தானாகவே அடித்துவிட்டார். ஒன்றைக் கேட்டு, பதிலும் வாங்கிவிட்டார். கடைசி ஒன்று நோட்டில் இருக்கிறது. எது என்று கணவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருப்பதாகச் சொல்கிறார். அவர் இன்னும் கேட்கவில்லை.